நிலவு எந்தப் பாரில் இருக்கிறது?

மேலைத்தேய இசைத் தவணைப் பரீட்சையில் எனக்கு 20க்கு 6 புள்ளிகள். பேத்தோவனின் 'மூன்லைட்' பியானோ சொனாட்டா முதல் பகுதியைப் பற்றிய கட்டுரை. கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் நிலவிரவு, சொல்லொணாச் சோகம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஆசிரியை சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: "நிலவை எந்தப் பாரில் கண்டீர்?"

பார் என்பது இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி. அங்கே நிலவைக் கண்டிருக்க முடியாது. 'மூன்லைட்' என்ற பெயரே பேத்தோவன் வைத்ததல்ல. அவர் இறந்த பிறகு ஒட்டிக்கொண்டது.

அடுத்த பரீட்சைக்குள் இசைத்தாளைப் படித்துவிடலாம் என்று கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன். தோழியிடம் தாளை இரவல் வாங்கி, ஒரு கடையில் போட்டோப் பிரதி எடுத்து, சரிபார்க்காமல் திரும்பிவிட்டேன். வீட்டில் விரித்தபோது ஒவ்வொரு வரியிலும் இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. பார் எண்கள் இல்லை. அதைவிட மோசம், தொடக்கத்தில் நின்று சுரங்களை அரைச்சுரம் உயர்த்தும் நான்கு ஷார்ப்களும் இல்லை. மூன்றாவது பாரில் 'டி' சுரத்துக்கு முன்னால், ஷார்ப்பை நீக்கும் ஒரு நேச்சுரல் குறி. அது ஏன் அங்கே நிற்கிறது என்று அரைநாள் மண்டையைக் குடைந்தேன். மறுபடியும் மட்டக்களப்பு, மறுபடியும் பஸ் காசு.

முழுத் தாளைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. சி ஷார்ப் மைனரில் 'டி' வழக்கமாக ஷார்ப்பாகத்தான் வரும். இங்கே அது அரைச்சுரம் இறங்குகிறது. பேஸில் எஃப் ஷார்ப், மேலே டி மேஜர் கார்ட். நியாப்பொலிட்டன் சிக்ஸ்த் என்று பாடத்தில் மனனம் செய்தது இதுதான்! நான் 'இனம்புரியாத ஏக்கம்' என்று எழுதிய இடமும் அதே மூன்றாவது பார். காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது, பேனாதான் நழுவியிருக்கிறது.

பிறகு 'சோகம்' என்ற சொல் வந்த இடமெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, அங்கே தாளில் என்ன இருக்கிறது என்று தேடினேன். 'சோகமான மெட்டு' என்ற வரி இப்படி மாறியது: "ஐந்தாம் பாரின் இறுதியில் தொடங்கும் மெட்டு, ஏழாம் பாரின் நடுவில் ஏ சுரத்துக்கு ஏறும்வரை, ஜி ஷார்ப்பையே ஆறு முறை ஒலிக்கிறது. கீழே மும்மூன்று சுரங்களாக டிரிப்லெட்கள் ஓயாமல் ஓட, மேலே சுரம் அசையாததால் மெட்டு தேங்கி நிற்பதுபோல் கேட்கிறது."

பார் எண், சுரத்தின் பெயர், அதனால் காதில் விழுவது. இந்த மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் வர வேண்டும். பார் எண்ணை மட்டும் அடுக்கிய ஒரு பந்திக்கும் ஆசிரியை புள்ளி தரவில்லை, "பிறகு?" என்று எழுதி வைத்தார்.

இம்முறை 14. கடைசி வரியில் பழக்கதோஷத்தால் 'மனதை உருக்கும்' என்று எழுதிவிட்டேன். அதன் கீழே சிவப்புக் கோடு: "எத்தனையாம் பார்?"