உன் ஞாயிறு, என் திங்கள்

கல்யாணமான ஐந்தாவது மாதம் அவர் வேலைக்காகக் கலிபோர்னியா போய்விட்டார், நான் வேளச்சேரியில் மாமியாரோடு. முதல் இரண்டு மாதம் தினமும் இரண்டு வேளை பேசினோம், யாராவது ஒருத்தர் எப்போதும் பாதித் தூக்கத்தில். அவர் ஏதோ கேட்க நான் "ம்ம்" சொல்லிக்கொண்டே தூங்கிப்போவேன், மறுநாள் அதற்கு ஒரு சண்டை.

அப்புறம் ஒரே நேரத்தைப் பிடித்துக்கொண்டோம்: என் காலை 7 மணி. அவருக்கு முந்தைய நாள் மாலை 6.30, ஆபீஸ் விட்டு வந்து சாதம் வைக்கிற நேரம். 7.40க்கு நான் குளிக்கப் போயாக வேண்டும், ஆகவே நாற்பது நிமிஷம்தான். போனைத் தக்காளிக் கூடையில் சாய்த்து வைத்துவிட்டு நான் டிபன் பாக்ஸ் கட்ட, அங்கே அவர் "எத்தனை விசில்டி?" என்று கேட்பார். தினமும் அதே கேள்விதான்.

நவம்பரில் இது கவிழ்ந்தது. அந்த மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுகிறார்கள், நம் ஊரில் அந்த வழக்கமே கிடையாதா, எனக்கு உறைக்கவே இல்லை. திங்கள் காலை 7க்குக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மூன்று தடவை. அவருக்கு அப்போது ஞாயிறு மாலை 5.30தான், மளிகைக் கடையில் இருந்திருக்கிறார். அவர் போனில் போட்டிருந்த ரிமைண்டர் அவர் ஊர் 6.30க்கு அடித்தது, அப்போது எனக்கு மணி 8. நான் பறக்கும் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன், கோபத்தில் கட் பண்ணிவிட்டேன். பாவம், இரண்டு பேருமே சொன்ன நேரத்துக்குத்தான் கூப்பிட்டிருக்கிறோம்.

பன்னிரண்டரை மணி வித்தியாசம் பதிமூன்றரை ஆகிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் வார நாளில் என் 7 மணிக்கு அவர் ஆபீஸிலிருந்தே கிளம்பியிருக்க மாட்டார், 8 மணிக்கு நான் வீட்டில் இல்லை. அதனால் மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை என் இரவு 9.30க்கு மாற்றினோம், அங்கே காலை 8. ரிமைண்டரும் இனி சென்னை நேரத்தில் நான்தான் போடுவது என்று முடிவு. "நாளைக்கு" என்ற வார்த்தையையும் விட்டுவிட்டோம், "உன் ஞாயிறு, என் திங்கள்" என்றுதான் சொல்வது.

தவறிப்போகும் நாட்களுக்கு வாய்ஸ் நோட். அதிலும் ஒரு சண்டை வந்தது, நான் அனுப்பியதை அவர் ஒன்றரை ஸ்பீடில் வைத்துக் கேட்டிருக்கிறார்! நான் அழுததே தெரியவில்லையாம். இப்போது இரண்டு நிமிஷத்துக்கு மேல் அனுப்புவதில்லை, அவரும் ஸ்பீடைத் தொடுவதில்லை. போன வாரம் பேச ஒன்றும் இல்லாமல் அடுப்படியிலிருந்து வெறும் சத்தத்தை அனுப்பினேன். மிக்ஸி, கீரைக்காரம்மா குரல், நடுவில் அத்தை "யாரோட பேசிட்டிருக்கே?" என்று கேட்டது. பதிலுக்கு ஒரே வரி வந்தது: "நாலு விசில். எண்ணிட்டேன்."