வலி குறைந்தது, நுரையீரல் சுருங்கியே இருந்தது

நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிப்போகும் நோய்க்கு நியூமோதோராக்ஸ் என்று பெயர். அது எனக்கு முதல் முறை வந்தபோது எனக்கு 22 வயது. உயரம் 187 சென்டிமீட்டர், எடை 59 கிலோ. சின்ன வயதிலிருந்தே ஒல்லி. எந்த நோயும் இருந்ததில்லை. இரண்டு வருடமாக சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரு நாளைக்கு ஏழெட்டு. உயரம், ஒல்லி, சிகரெட், இந்த மூன்று விவரமும் பின்னால் தேவைப்படும்.

அன்று இரவு நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஓடவில்லை, எதையும் தூக்கவில்லை, இருமக்கூட இல்லை. திடீரென்று இடது மார்பில், காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, ஊசியை உள்ளே இறக்கியதுபோல ஒரு வலி. தோள்பட்டைக்கும் முதுகுக்கும் பரவியது. மூச்சை இழுத்தால் பாதியிலேயே வலி பிடித்து நிறுத்தியது. அதனால் மேலோட்டமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். மாரடைப்போ என்று பயந்தேன். இந்த வயதில் வராது, வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று நானே முடிவு செய்து படுத்துவிட்டேன்.

இடது பக்கம் திரும்பிப் படுத்தபோது ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. நெஞ்சுக்குள் 'டக், டக்' என்று, யாரோ விரலைச் சொடுக்குவதுபோல. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஒரு சொடுக்கு. நிமிர்ந்து படுத்தால் நின்றுவிட்டது. மறுபடி இடது பக்கம் திரும்பினால் மறுபடி வந்தது. அறை அமைதியாக இருந்ததால் நன்றாகவே கேட்டது.

காலையில் எழுந்தபோது வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மத்தியானத்துக்குள் மந்தமான ஒரு கனம் மட்டும்தான் மிச்சம். சரி, போய்விட்டது என்று நினைத்தேன். நான் செய்த பெரிய தப்பு இதுதான். இந்த நோயில் முதல் நாள் வரும் குத்தல் வலி, நுரையீரல் சுருங்கியே கிடந்தாலும் ஒரு நாளுக்குள் தானாகத் தணிந்துவிடுவது உண்டு. வலி போனதை வைத்துக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளவே கூடாது. மூச்சைத்தான் கவனிக்க வேண்டும். நான் தினமும் ஒரே மூச்சில் ஏறும் இரண்டு மாடிப் படியில் அன்று முதல் மாடியிலேயே நின்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு பேச்சே பேசாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டார்.

அவசரப் பிரிவில் முதலில் ஈசிஜி எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் டூட்டி டாக்டர் என் உயரத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சிகரெட் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். ஸ்டெதாஸ்கோப்பை வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தார். பிறகு மார்பின் மேல் ஒரு விரலை வைத்து, இன்னொரு விரலால் அதன் மேல் தட்டினார். வலது பக்கம் சாதாரணமாக ஒலித்தது. இடது பக்கம் காலிக் குடத்தைத் தட்டியதுபோல ஒலித்தது. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. கடைசியாகக் கழுத்துக்குழியில் விரலை வைத்து மூச்சுக்குழாய் நடுவில்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அது ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, நாடி வேகமாக ஓடி, ரத்த அழுத்தமும் விழுந்துகொண்டிருந்தால், காற்று இதயத்தையே நெருக்குகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எக்ஸ்ரேவுக்குக்கூடக் காத்திருக்காமல் உடனே ஊசி போட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். என் விஷயத்தில் அப்படி இல்லை.

எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி டாக்டர் காட்டினார். வலது நுரையீரலில் ரத்தக் குழாய்களின் கிளைக்கோடுகள் விலா வரைக்கும் பரவியிருந்தன. இடது பக்கம் தலைமுடி அளவுக்கு ஒரு மெல்லிய வளைகோடு. கோட்டுக்கு உள்ளே கிளைகள் இருந்தன. வெளியே வெறும் கறுப்பு. "இந்தக் கோடுதான் உன் நுரையீரலின் விளிம்பு. விலாவை ஒட்டியிருக்க வேண்டியது இவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது" என்றார். நடுப்பகுதியில் அந்த இடைவெளி மூன்று சென்டிமீட்டர் இருந்தது. நோயின் பெயர் நியூமோதோராக்ஸ் என்றார்.

அது எப்படி நடக்கிறது என்று அன்று எனக்குச் சொன்னதையும், பிறகு நான் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். நுரையீரலின் இயல்பு எப்போதும் உள்ளே சுருங்கப் பார்ப்பது. மார்புக் கூட்டின் இயல்பு வெளியே விரியப் பார்ப்பது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மெல்லிய சவ்வுகளும் கொஞ்சம் ஈரமும் மட்டும்தான் உண்டு. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதுபோலத்தான் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. எதிரெதிராக இழுபடுவதால் அந்த இடத்தில் எப்போதும் ஓர் உறிஞ்சும் அழுத்தம் இருக்கும். சவ்வுகளுக்கு நடுவே காற்று நுழைந்துவிட்டால் பிடிப்பு விட்டுப்போய், நுரையீரல் தன் இயல்புப்படி சுருங்கிவிடுகிறது. பலூன் போல வெடிப்பதில்லை.

காற்று எங்கிருந்து வருகிறது? நுரையீரலுக்குள்ளிருந்தேதான். நுரையீரலின் உச்சியில், மேற்சவ்வுக்கு அடியில், சிலருக்குச் சின்னச் சின்னக் காற்றுக் கொப்புளங்கள் இருக்கும். பிளெப் என்பார்கள். அதில் ஒன்று உடைந்தால் அந்த ஓட்டை வழியாகக் காற்று சவ்வுகளுக்கு நடுவே கசிகிறது. நான் சொன்ன உறிஞ்சும் அழுத்தம் நுரையீரலின் அடியைவிட உச்சியில் அதிகம். மார்பு எவ்வளவு நீளமோ, உச்சியில் அவ்வளவு இழுவிசை. நெட்டையான, ஒல்லியான உடம்பில் உச்சியிலுள்ள காற்றறைகள் வருடக்கணக்கில் அதிகமாக இழுபட்டுக்கொண்டே இருக்கின்றன. கொப்புளம் அங்கே உருவாக இது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். சிகரெட் புகையால் நுண்ணிய மூச்சுக்குழல்கள் வீங்கி, உள்ளே போன காற்று வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கிறது. சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு, பிடிக்காதவர்களைப்போல் இருபது மடங்கு வரைக்கும் கூடும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் கடைசியாக சிகரெட் பிடித்தது அதற்கு முந்தின நாள்.

இடைவெளி சின்னதாக இருந்து மூச்சுத் திணறலும் இல்லையென்றால், சிலரை எதுவும் செய்யாமல் கவனித்தே விட்டுவிடுவார்களாம். உடம்பே அந்தக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அது ரொம்ப மெதுவாக, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சதவீதம்தான். எனக்கு மூச்சு வாங்கியதால் முதலில் ஊசி வழியாகக் காற்றை எடுத்துப் பார்த்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டு, மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, பெரிய சிரிஞ்சால் காற்றை இழுத்து இழுத்து வெளியே விட்டார்கள். நர்ஸ் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டே வந்தார். இரண்டரை லிட்டர் எடுத்தும் காற்று வந்துகொண்டே இருந்தது. டாக்டர் அதோடு நிறுத்திவிட்டார். அவ்வளவு எடுத்தும் தீரவில்லையென்றால் ஓட்டை இன்னும் மூடவில்லை, உள்ளே கசிந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் டியூப். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொன்னார்கள். அக்குளுக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு நடுவில் இடம் பார்த்து மரத்துப்போக மருந்து போட்டார்கள். கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டித்தான் டியூப் போகும். மேல் விலாவின் அடியில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுவதால் அந்தப் பக்கம் போகக்கூடாது. குத்தல் வலி தெரியவில்லை. பலமாக அழுத்துவது மட்டும் தெரிந்தது. நுரையீரல் விரியத் தொடங்கியபோதுதான் உண்மையான வேதனை. அடக்க முடியாத இருமல், இருமும்போதெல்லாம் நெஞ்சுக்குள் உராய்வதுபோல வலி. விரிகிற நுரையீரலுக்கு அது சகஜம் என்றார்கள்.

டியூபின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலுக்குப் போனது. பாட்டிலில் தண்ணீர். குழாயின் நுனி தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் மூழ்கியிருந்தது. மார்பிலிருந்து வரும் காற்று குமிழியாக வெளியேறிவிடும், வெளிக்காற்று தண்ணீரைத் தாண்டி உள்ளே போக முடியாது. அடுத்த நான்கு நாளும் நான் அந்தப் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் மட்டம் ஏறும், விட்டால் இறங்கும். அந்த ஆட்டம் இருந்தால் டியூப் அடைபடாமல் இருக்கிறது என்று தெரியும். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. முதல் நாள் பேசினாலே குமிழி வந்தது. இரண்டாம் நாள் இருமினால் மட்டும்.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னை உட்காரவைக்க உதவும்போது, பாட்டில் காலில் தட்டுகிறதே என்று அதைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கப் போனார். நர்ஸ் ஓடி வந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "தம்பியோட நெஞ்சுக்கு மேல இது வரவே கூடாது, தண்ணி உள்ள போயிடும்" என்றார். குமிழி வரும்போது டியூபைக் கிளிப் போட்டு மூடவும் கூடாது. மூடினால் கசியும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல், கழுத்துக்குழியில் விரல் வைத்துத் தேடினார்களே, அந்த ஆபத்து வந்துவிடும். கூட இருப்பவர்களுக்கு இந்த இரண்டையும் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் பலமாக இருமச் சொன்னார்கள். குமிழி வரவில்லை. நான்காம் நாள் எக்ஸ்ரேயில் அந்த மெல்லிய கோடு இல்லை. மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, டியூபை ஒரே இழுப்பில் எடுத்து, தையலை இறுக்கினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது திரும்ப வரும், பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குள் என்று எச்சரித்தார்கள். நுரையீரல் முழுதாக விரிந்தது எக்ஸ்ரேயில் உறுதியான பிறகு ஒரு வாரமாவது விமானம் ஏறக்கூடாது. மேலே காற்றழுத்தம் குறையும்போது மிச்சமிருக்கும் காற்று விரியும். காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவதை மறந்துவிடச் சொன்னார்கள். சிகரெட்டைப் பற்றி யாரும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது மாதம் கழித்து அதே இடத்தில் அதே ஊசிக் குத்தல் வலி. இந்த முறை வலி குறையட்டும் என்று காத்திருக்கவில்லை, அரை மணி நேரத்தில் எக்ஸ்ரே அறையில் இருந்தேன். ஒரே பக்கம் இரண்டாம் தடவை என்பதால் அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்றார்கள். விலாக்களுக்கு நடுவே சின்னத் துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே, கொப்புளம் இருந்த உச்சியை ஸ்டேபிளர் வைத்து வெட்டி மூடினார்கள். சுவரிலுள்ள சவ்வைத் தேய்த்துப் புண்ணாக்கிவிட்டார்கள். அது ஆறும்போது நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இனி கசிந்தாலும் விலகிச் சுருங்க இடம் இருக்காது.

சிடி ஸ்கேனில் வலது உச்சியிலும் இரண்டு சின்னக் கொப்புளங்கள் தெரிந்தன. அவை உடையாதவரை தொட வேண்டாம் என்றார் டாக்டர். பழைய எக்ஸ்ரேயின் படத்தை, எந்தப் பக்கம், எந்தத் தேதி, என்ன சிகிச்சை என்ற குறிப்போடு போனில் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று அண்ணனுக்கும் தெரியும்.