கணக்கு இல்லாத தோழிக்கு 22 பாட்டு அனுப்பிய கதை

என் பள்ளித் தோழி தையல் கடை வைத்திருக்கிறாள். ரசீது போடவும், வாடிக்கையாளர்கள் அனுப்பும் ரவிக்கை மாதிரிகளைப் பார்க்கவும் கடையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் அதைத் தொடுவார்கள். அதனால் வாட்ஸ்அப் வெப்பைக் காலையில் திறந்து இரவில் மூடுவதைத் தவிர, வேறு எந்தக் கணக்கையும் அதில் திறக்க மாட்டாள். தீபாவளி நெருக்கத்தில் இரவு பத்து மணி வரை மிஷின் ஓடுகிற நேரம். “பாட்டு ஏதாவது அனுப்புடி, தூக்கம் வருது” என்றாள்.

நான் மாதச் சந்தா கட்டி ஒரு செயலியில் பாட்டுக் கேட்கிறவள். அதில் 22 பழைய பாட்டுகளைத் தொகுத்து வைத்திருந்தேன். பகிர் பொத்தானை அழுத்தி, இணைப்பை நகலெடுத்து அவளுக்கு அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் அட்டைப் படமும் தொகுப்பின் பெயரும் அழகாக வந்து நின்றன. வேலை முடிந்தது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. “பாட்டுப் பேரெல்லாம் வரிசையா இருக்கு. எதை அமுக்கினாலும் கணக்கு ஆரம்பின்னு சொல்லுது. நீ காசு கட்டித்தானே கேக்குற?”

எனக்கும் அதே குழப்பம்தான் இருந்தது. காசு கட்டுவது நான், தொகுத்தது நான், ஆகவே என் இணைப்பும் என் உரிமையோடு போகும் என்று நினைத்திருந்தேன். இணைப்பு என்பது வெறும் விலாசம். பாட்டை முழுதாகக் கொடுக்கலாமா என்பதை அந்த விலாசத்துக்கு வந்து நிற்பவர் யார் என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். என் சந்தா என் உலாவியில் மட்டும் செல்லும், அவளுடையதில் செல்லாது. ஸ்பாட்டிஃபையில் முழுப் பாட்டுக்கு உள்நுழைய வேண்டும், ஆனால் இலவசக் கணக்கே போதும். வேறு தளங்களில் பதித்து வைக்கும் அதன் சின்னப் பெட்டியில், உள்நுழையாதவருக்கு 30 நொடித் துண்டு கேட்கும். ஆப்பிள் மியூசிக்கின் இணையப் பக்கமும் சந்தா இல்லாதவருக்கு ஒரு துண்டைத்தான் தருகிறது. பெரும்பாலான நம் பாட்டுகளில் 30 நொடி என்பது பல்லவி முடியும் முன்பே போய்விடும்.

வாட்ஸ்அப்பில் வந்த அட்டையும் என்னை ஏமாற்றியது. பக்கத்தின் தலைப்பையும் படத்தையும் மட்டும் எடுத்துக் காட்டுவது அது. உள்ளே பாட்டு ஓடுமா என்று அதற்குத் தெரியாது.

இலவசக் கணக்கு ஆரம்பிக்கச் சொல்லிப் பார்த்தேன். “இந்தக் கம்ப்யூட்டர்ல வேண்டாம்” என்று ஒரே வார்த்தை. சரி, அவள் கடை, அவள் இஷ்டம்.

முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றை அப்போதுதான் செய்தேன். குரோம் உலாவியில் Ctrl+Shift+N அழுத்தினால் Incognito சாளரம் திறக்கும். அதில் என் கணக்கு எதுவும் இருக்காது, ஆகவே அவள் பார்ப்பதை நானும் பார்க்கலாம். அனுப்பிய இணைப்பை அதில் ஒட்டினேன். அவள் சொன்ன மாதிரியே, கணக்கு ஆரம்பிக்கச் சொல்லும் பெட்டி என் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

கணக்கில்லாமல் உலாவியில் முழுப் பாட்டு கேட்க எனக்குத் தெரிந்த எளிய வழி யூடியூப். ஆனால் 22 பாட்டையும் ஒவ்வொன்றாகத் தேடி, புதுத் தொகுப்பு ஒன்றில் சேர்க்க ஒரு மாலை முழுவதும் போனது. பாட்டு நிறுவனங்கள் தாங்களே ஏற்றியவை எங்கே கிடைத்தாலும் அவற்றையே எடுத்தேன். யாரோ ஏற்றியது எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படலாம். சில பாட்டுகள் ஒரு மணி நேர ஜூக்பாக்ஸுக்குள் ஒளிந்திருந்தன. அவற்றைச் சேர்த்தால் ஒரு பாட்டுக்காக முழு ஜூக்பாக்ஸும் ஓடும். அதனால் தனியாக வேறு பதிவு தேடினேன்.

எல்லாம் முடிந்ததும், முதல் பாட்டை ஓடவிட்டு மேலே இருந்த முகவரியை அப்படியே எடுத்து அனுப்பினேன். அதுவும் தப்பாகப் போனது. “முதல் பாட்டு சரி. அடுத்து வந்தது நீ சொன்ன பாட்டே இல்லையே?” என்றாள். முகவரியை உற்றுப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. நான் அந்தப் பாட்டை என் தொகுப்பிலிருந்து திறக்கவில்லை, தேடித் திறந்திருந்தேன். யூடியூப் தானாகவே கோத்துத் தரும் மிக்ஸ் ஒன்று அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. `list=` என்பதற்குப் பின்னால் `RD` என்று தொடங்கினால் அது மிக்ஸ், ஆளுக்கு ஆள் மாறும். நாமே உண்டாக்கிய தொகுப்பு `PL` என்று தொடங்கும். அனுப்ப வேண்டியது இந்த வடிவம்:

```
https://www.youtube.com/playlist?list=PL...
```

இதை அனுப்பினேன். இப்போது தொகுப்பே இல்லை என்கிற மாதிரி ஒரு பக்கம் வந்ததாம். என் திரையில் மட்டும் ஜம்மென்று திறக்கிறது! தொகுப்பை உண்டாக்கும்போது Private என்று விட்டிருந்தேன். அப்படி இருந்தால் இணைப்பு கையில் இருந்தாலும் மற்றவருக்குத் திறக்காது. Public என்றால் தேடலிலும் வரும். நடுவில் இருக்கும் Unlisted-தான் இந்தக் காரியத்துக்குப் பொருத்தம். தேடினால் கிடைக்காது, இணைப்பு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் உள்நுழையாமலே திறக்கலாம். ஆனால் தொகுப்பின் பக்கத்தில் நம் சேனலின் பெயர் தெரியும். என்னுடையது கல்லூரி நாளில் விளையாட்டுக்கு வைத்த பெயர், அதை அவள் கடைப் பெண்கள் சத்தமாக வாசித்துச் சிரித்தது தனிக்கதை.

Unlisted ஆக்கியபின், அனுப்புவதற்கு முன் இந்தத் தடவை Incognito சாளரத்தில் 22 பாட்டையும் சில நொடிகள் வீதம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் வயதை உறுதிசெய்ய உள்நுழையச் சொன்னது. வயதுக் கட்டுப்பாடு போட்ட வீடியோக்கள் கணக்கில்லாமல் ஓடாது. அதே பாட்டின் வேறொரு பதிவை அதன் இடத்தில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் கடையில் பாட்டு ஓடியது. நடுநடுவே விளம்பரம் வருகிறது. என் கணக்கில் விளம்பரம் இல்லாவிட்டாலும் அவளுக்கு அது வரத்தான் செய்யும். பாட்டைச் சேமிக்கவோ, தரவிறக்கவோ அவளால் முடியாது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க, ஓடும் படத்தின் மேல் வலது கிளிக் செய்து Loop என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், அதற்குக் கணக்கு தேவையில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் போனின் உலாவியில் கேட்கப் பார்த்திருக்கிறாள், திரையை அணைத்ததும் பாட்டு நின்றுவிட்டதாம். கம்ப்யூட்டரில் அந்தத் தொல்லை இல்லை, வேறு தாவலில் ரசீது போட்டுக்கொண்டே கேட்கலாம்.

தொகுப்பில் நான் எதைச் சேர்த்தாலும் அதே இணைப்பில் வந்துவிடும், புதிதாக அனுப்ப வேண்டியதில்லை. இதை அவளிடம் சொன்னதுதான் நான் செய்த கடைசித் தப்பு. இப்போது பொத்தான் தைக்கும் அக்காவுக்கு ஒன்று, காஜா எடுக்கும் தம்பிக்கு ஒன்று என்று தினம் சீட்டு வருகிறது. நேற்று எண்ணிப் பார்த்தேன், 41 ஆகிவிட்டது.