வீணைக்கு மைக்: அரை அடி முன்னால், அரை அடி பின்னால்

"விரல் கம்பி டிக் டிக்குன்னு கேக்கறது தம்பி, கொஞ்சம் தள்ளி வையேன்" என்றார் வீணை மாமி. பதிவுக்காகக் குடத்திலிருந்து 30 செ.மீ.யில் வைத்திருந்த பென்சில் கன்டென்சர் மைக்கை 60 செ.மீ.க்கு நகர்த்தினேன். அந்த அரை அடி, ஓரடிக் கணக்கு இன்னும் தீரவில்லை.

வாசிப்பவர் கேட்டதைச் செய்ததில் தப்பில்லை. மிக அருகில் வைத்தால் மைக்குக்குக் குடத்தின் பலகையைவிட மீட்டும் விரல்தான் பக்கம். முன்பக்கத்தை அதிகம் கேட்கும் கார்டியாய்டு மைக், அருகில் இருந்தால் கீழ் ஸ்தாயியையும் உப்பவைக்கும். தள்ளியதும் இரண்டும் அடங்கின. ஆனால் தூரம் இரட்டித்தால் நேரே வரும் ஒலி 6 டெசிபல் இறங்கும். ஃப்ரிட்ஜும் தெருவும் இறங்காது. வீணையில் ஒரு மீட்டுக்குத் தந்தியை இழுத்து இழுத்து நாலு ஸ்வரம் வரும். அதில் நாலாவது ஸ்வரம்தான் இரைச்சலில் முதலில் முங்குகிறது. ஃபேனை நிறுத்தியும் அப்படித்தான்.

மைக்கைத் திருப்பியிருக்கலாமோ? அதிலும் பெரிய லாபமில்லை. கார்டியாய்டை விரலிலிருந்து 45 டிகிரி விலக்கினாலும் குறைவது ஒன்றரை டெசிபல்கூட இல்லை.

தள்ளியதில் இன்னொன்று நடந்தது. மூன்று கட்டை சுருதி. சாரணித் தந்தியில் மேல் ஷட்ஜம் மட்டும் மெலிந்து கேட்டது. மெழுகில் மெட்டுகளைப் பதித்திருக்கும் மேளத்தில் குறையோ என்று மாமி மெட்டைத் தடவிப் பார்த்தார். காரணம் தரை. பலகை தரையிலிருந்து 30 செ.மீ., மைக் 70 செ.மீ. உயரத்தில், 40 செ.மீ. முன்னால். நேர்வழி 57 செ.மீ.; தரையில் பட்டு வரும் வழி 108. வித்தியாசமான 51 செ.மீ., சுமார் 336 ஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம். அந்த ஷட்ஜமோ 330. இரண்டு ஒலியும் எதிரெதிராகச் சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிடும். குடமே கொஞ்சம் மறைப்பதால் முழுக்கத் தின்னாது, அதனாலேயே வாத்தியக் கோளாறு என்று தோன்றும். சோதிப்பது சுலபம்: மைக்கை முப்பது செ.மீ. இறக்கி அதே வரிசையை வாசிக்கச் சொன்னால் மெலிவு வேறு ஸ்வரத்துக்குப் போய்விடும். மேளக் குறையென்றால் அங்கேயே நிற்கும். ஜமுக்காளம் இதற்கு உதவாது, அது உச்ச ஒலியை மட்டும் உறிஞ்சும். மடித்த பஞ்சு மெத்தையை வீணைக்கும் மைக்குக்கும் நடுவில் போட்டால் ஓரளவு சரியாகும்.

கடைசியில் 45 செ.மீ., மெத்தை, மைக்கின் நோக்கு குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவில். உச்ச ஒலியளவு -12 டெசிபலைத் தாண்டாமல் பதிவு. கமகம் முழுசாக வந்தது, டிக்கும் பாதி வந்தது. ஈக்வலைசரில் அதை வெட்டினால் தந்தியின் பளபளப்பும் சேர்ந்து போகிறது. அதனால் விட்டுவைத்தேன். அதைக் குறைக்கச் சொல்லித்தான் மாமி முதலில் கேட்டார் என்பதும் உண்மை. அந்தச் சத்தமும் வீணையில் சேர்த்திதான் என்று நான் சொன்னதற்கு, "உனக்கு அப்படி, எனக்கு அப்படி இல்லே" என்றார். அதற்கு என்னிடம் அளவுக் கணக்கு எதுவும் இல்லை.