ரிவியூவில் இருக்கும் 2.4.0: பிரிக்ஃபீல்ட்ஸ் பலகாரக் கடைச் செயலியின் நாட்குறிப்பு

6 அக்டோபர் 2025, திங்கள்

தீபாவளி 20-ஆம் தேதி. கடையின் முன்பதிவு 17-ஆம் தேதி இரவோடு முடிகிறது. அதனால் புதிய பதிப்பு 14-ஆம் தேதிக்குள் வாடிக்கையாளர் கைப்பேசியில் இருக்க வேண்டும். இதுவரை இந்தச் செயலியில் விலைப்பட்டியல் மட்டும்தான் இருந்தது. இந்தப் பதிப்பில்தான் முதன்முறையாகக் கைப்பேசி எண்ணும் ஓடிபியும் கொண்டு உள்நுழையும் வசதி வருகிறது.

பணிப் பலகையில் “ஸ்டோரில் போடுவது” என்று ஒரே அட்டை கிடந்தது. அதை எடுத்துவிட்டோம். அப்படி ஒரு அட்டை இருந்தால் அது பத்து நாளும் “நடந்துகொண்டிருக்கிறது” என்றே காட்டும், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லாது. அதற்குப் பதிலாக, அனுப்பும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு தனி அட்டை. அதில் பதிப்பு எண், பில்ட் எண், அனுப்பிய நேரம், நிலை, நிலை மாறிய நேரம், கடைசியாக “யார் கையில்” என்ற கட்டம். அந்தக் கட்டத்தில் “நம் கை” அல்லது “அவர்கள் கை”, இரண்டே விடைதான். வெளியிடும் முன் ஸ்டோர்காரர்கள் செயலியைச் சோதிக்கும் ரிவியூ நாட்களுக்கு முடிவுத் தேதி போடுவதில்லை, அது நம் வசத்தில் இல்லை. அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்ற தேதியை மட்டும் போடுகிறோம்.

7 அக்டோபர், செவ்வாய்

பில்ட் 57 மாலை 4.40-க்கு ஆப்பிளின் ஆப் ஸ்டோருக்குப் போனது. நிலை `Waiting for Review`. அட்டை “அவர்கள் கை”க்கு மாறியது.

வெளியீட்டைத் தானாக நடக்க விடாமல் கைமுறையாக வைத்திருக்கிறோம். ஒப்புதல் நள்ளிரவில் வந்தாலும் செயலி உடனே வெளியே போகாது. சர்வர் பக்கத்து மாற்றத்தோடு சேர்த்து வெளியிடலாம்.

8 அக்டோபர், புதன்

காலை 9 மணி, அதே நிலை. ஆப்பிள் இருக்கும் கலிபோர்னியாவில் அப்போது செவ்வாய் மாலை 6 மணி. நமக்கும் அவர்களுக்கும் இப்போது 15 மணி நேர வித்தியாசம். அனுப்பப்படுபவற்றில் சராசரியாக 90 விழுக்காடு 24 மணி நேரத்துக்குள் பார்க்கப்படுகிறது என்று ஆப்பிள் சொல்கிறது. மீதி 10 விழுக்காட்டில் நாம் இருக்கலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்வதுதான் சரி.

ஒரு பொத்தானின் நிறம் பிசகியிருப்பதைக் கண்டுபிடித்து, “திரும்ப எடுத்து மாற்றி அனுப்பிடலாமா?” என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவு. திரும்ப எடுத்தால் ரிவியூ முதலிலிருந்து தொடங்கும், இதுவரை காத்திருந்த நேரம் வீண். நிறம் அடுத்த பதிப்புக்கான அட்டையில் ஏறிவிட்டது.

9 அக்டோபர், வியாழன்

இரவு 1.20-க்கு `In Review`, 1.52-க்கு `Rejected`. காலை 9.10-க்குத்தான் பார்த்தோம். காரணம் ஆப்பிளின் ரிவியூ விதி 2.1: உள்நுழைய முடியவில்லை, செயல்படும் சோதனைக் கணக்கு தேவை. ஓடிபி திரையின் படமும் இணைத்திருந்தார்கள்.

நடந்தது சர்வர் பதிவில் தெளிவாகத் தெரிகிறது. சோதனை எண்ணைக் கொடுத்திருந்தோம். ரிவியூ செய்பவர் அதைத் தட்டி மூன்று முறை ஓடிபி கேட்டிருக்கிறார். மூன்று குறுஞ்செய்தியும் ஒழுங்காகவே வந்து சேர்ந்தன, எங்கள் மேசை இழுப்பறையில் கிடந்த அலுவலகக் கைப்பேசிக்கு. மலேசியாவின் +60 எண்ணுக்கு வரும் ஓடிபியை அங்கே இருப்பவர் எப்படிப் படிப்பார்? பிழை முழுக்க நம்முடையது.

அட்டை “நம் கை”க்கு வந்தது. நிராகரிப்பு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, இதைச் சரிசெய்யப் புதிய பில்ட் தேவையா என்பதுதான். இதற்குத் தேவையில்லை. சோதனை எண்ணுக்கு மட்டும் நிலையான ஓடிபியை ஏற்கும்படி சர்வரில் இரண்டு வரி சேர்த்தால் போதும்:

```python
if phone == REVIEW_PHONE:
    return hmac.compare_digest(code, REVIEW_OTP)
```

அந்த எண் நம் பெயரில் உள்ளதாக இருக்க வேண்டும். கணக்கில் போலி ஆர்டர்கள் மட்டுமே. உண்மையான கடைக்கு எதுவும் போகக்கூடாது, முயற்சிகளுக்கும் வரம்பு வேண்டும்.

ஆனால் அதோடு மறுபடி அனுப்பிவிடவில்லை. ரிவியூ செய்தவர் உள்நுழைவுத் திரையிலேயே நின்றுவிட்டார். அதற்குப் பின்னால் உள்ள எதையும் இன்னும் யாரும் பார்க்கவில்லை. ஆகவே இந்த நிராகரிப்பைச் சரிசெய்தால் ஒப்புதல் கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது. அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பதை நாமே அவர் கண்ணோடு நடந்து பார்த்தோம்.

பத்து நிமிடத்தில் அடுத்தது அகப்பட்டது. கணக்கு உருவாக்கும் செயலி, கணக்கை அழிக்கும் வழியையும் உள்ளேயே தர வேண்டும் என்பது விதி 5.1.1(v). 2022 ஜூன் 30 முதல் இது கட்டாயம். நாங்கள் வைத்திருந்தது “கணக்கை நீக்க மின்னஞ்சல் அனுப்பவும்” என்ற ஒரு வரி. இது போதாது. தற்காலிகமாக முடக்கி வைப்பதும் போதாது. இதற்குப் புதிய பில்ட் வேண்டும்.

10 அக்டோபர், வெள்ளி

அமைப்புகள் பக்கத்தின் கடைசியில் “கணக்கை அழி” சேர்ந்தது. தட்டினால் ஒரு உறுதிப்படுத்தல் கேள்வி, பிறகு பெயர், முகவரி, எண் எல்லாம் அழிகின்றன.

பதிப்பு எண் 2.4.0-ஆகவே இருக்கிறது, பில்ட் மட்டும் 58. வெளியாகாத பதிப்புக்கு எண்ணை ஏற்றத் தேவையில்லை.

ரிவியூ குறிப்பில் மூன்று வாக்கியம்தான் எழுதினோம்: எந்த எண், எந்த ஓடிபி, கணக்கை அழிக்கும் பொத்தான் எந்தப் பக்கத்தில். அவர்கள் அனுப்பிய செய்திக்கும் அதே தொடரில் பதில் போட்டோம். என்ன மாறியது என்று மட்டும் சொன்னோம், விளக்கமோ வாதமோ இல்லை. மாலை 5.30-க்கு அனுப்பியாயிற்று. புதிய அட்டை, “அவர்கள் கை”.

இரவு 2 மணிக்கு சர்வரில் வழக்கமாக ஓடும் காப்புப்பிரதி வேலையை மதியத்துக்கு மாற்றினோம். அங்கே அலுவலக நேரம் நமக்கு நள்ளிரவு. அந்த நேரத்தில் சர்வர் இருமினால் இன்னொரு 2.1 வரும்.

கூகள் பிளேயிலும் இதே ஓட்டை இருந்தது. அங்கே உள்நுழைவு விவரம் `App access` பகுதியில் கேட்கப்படும். எண்ணையும் ஓடிபியையும் அங்கும் நிரப்பி அனுப்பினோம். அவர்கள் 7 நாளோ அதற்கு மேலோ ஆகலாம் என்கிறார்கள். அதனால் அந்த அட்டையைத் தனியாக வைத்திருக்கிறோம், அடுத்துப் பார்க்கும் தேதி திங்கள்.

12 அக்டோபர், ஞாயிறு

நேற்றிரவு 11.40-க்கு `In Review`, நள்ளிரவு தாண்டி 12.15-க்கு ஒப்புதல். நிலை `Pending Developer Release`.

கட்டங்கட்டமாக வெளியிடலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆப்பிளின் ஏழு நாள் ஏற்பாட்டில் தானியங்கிப் புதுப்பிப்பு முதல் நாள் 1 விழுக்காட்டினருக்கு, பிறகு 2, 5, 10, 20, 50, 100 என்று போகும். 14-ஆம் தேதி தொடங்கினால், முன்பதிவு முடியும் 17-ஆம் தேதி 10 விழுக்காடுதான். எல்லாருக்கும் சேர்வது தீபாவளி அன்று. இந்த முறை அது உதவாது, ஒரேயடியாக வெளியிடுவோம்.

14 அக்டோபர், செவ்வாய்

காலை 10 மணிக்கு வெளியிட்டோம். கூகள் பிளே நேற்றே தயாராகி, நம் அனுமதிக்காகக் காத்திருந்தது. அதையும் சேர்த்து விட்டோம். சோதனைக் கணக்கை மூடவில்லை. கூகள் பிளேயில் கொடுத்த உள்நுழைவு எப்போதும் வேலை செய்ய வேண்டும்.

ஆப்பிள் அட்டைகள் இரண்டையும் மூடுவதற்கு முன் நேரத்தைக் கூட்டினோம். முதல் முறை அனுப்பியதிலிருந்து ஒப்புதல் வரை 103 மணி 35 நிமிடம். அதில் “அவர்கள் கை” 33 மணி 12 நிமிடமும் 30 மணி 45 நிமிடமும். “நம் கை” 39 மணி 38 நிமிடம். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றில் நீளமானது நம்முடையதுதான். அதிலும் முதல் 7 மணி 18 நிமிடம், நிராகரிப்பு வந்ததை யாரும் பார்க்காத நேரம். நிலை மாறும் மின்னஞ்சல் கடைக்காரர் பெட்டிக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தது. இன்று நம் இருவர் கணக்கிலும் அறிவிப்பைத் திறந்துவிட்டோம்.

அடுத்த பதிப்பின் அட்டை திறந்தாயிற்று: 2.4.1, பில்ட் 59, பொத்தானின் நிறம். ரிவியூவுக்கு 33 மணி நேரம், ஒரு நிராகரிப்புக்கு இன்னொரு 33, இடையில் ஒரு வேலைநாள் என்று எழுதி வைத்திருக்கிறோம்.