வியாழன் ஒழிகெ

"மக்கா, நாளைக்கு டாக்டர் உண்டுமான்னு பாத்துச் சொல்லு." பக்கத்து வீட்டு மாமி போனை நீட்டினார்.

களியக்காவிளை தாண்டி ஒரு கிளினிக். போர்டு முழுக்க மலையாளம். மாமியின் மகன் சாய்வாக எடுத்த படம். அதை ஆப்பில் போட்டுத் தமிழாக்கியும் வைத்திருந்தான்.

"திங்கள் முதல் சனி வரை" என்று ஒரு வரி. அதற்குக் கீழே தனியாக "வியாழன்", பக்கத்தில் 4 - 6.30. வியாழன் சாயங்காலம் மட்டும் டாக்டர் வருவார் என்றுதான் யாரும் படிப்பார்கள். நாளை வியாழன்.

மூலப் படத்தைப் பெரிதாக்கினேன். வியாழனுக்குப் பக்கத்தில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து ஒரு சொல் வெளுத்திருந்தது: "ஒழிகெ". தவிர என்று பொருள். அந்த ஒரு சொல் விடுபட்டதில் விடுமுறை நாள் வேலை நாளாகிவிட்டது.

4 - 6.30 வியாழனுடையதே இல்லை. "வைகிட்டு", அதாவது சாயங்காலம், என்ற தலைப்பின் கீழ் எல்லா நாளுக்கும் பொதுவாக இருந்தது, படத்தின் சாய்வில் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது.

கடைசி வரியில் "ஞாயிறு அவதி" என்றே விட்டிருந்தது ஆப். மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. நம் காதுக்கு அது வேறு!

படத்தை நேராக்கி, ஒரு தாளில் நாளுக்கு ஒரு வரியாக ஏழு வரி எழுதினேன். எண்களை அப்படியே பார்த்து எழுதி, ஒவ்வொன்றின் முன்னும் காலை, மாலை சேர்த்தேன். போர்டில் அது தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது, தாளில் 4 என்று தனியாக நின்றால் குழப்பும். நடுவில் 12.30 முதல் 4 வரை "டாக்டர் இல்லை" என்றும் எழுதினேன்.

மாமி வெள்ளி காலை 9.30க்குப் போகிறார்.