எட்டு ஸ்லைடில் ஐந்து பாசிட்டிவ்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம்தான் ஸ்டோரில் இருந்தவரைத் திட்டும் உரிமை எனக்கு வரும்.

வேலூர் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். காசநோய்க்குச் சளியைப் பரிசோதிக்கும் சாயம் எங்களுக்கு மேலிருந்து கலந்தே வந்துவிடும். அந்த மாதம் வரவில்லை. பவுடர், ஃபீனால், ஆல்கஹால் எல்லாம் அலமாரியில் இருந்தன. காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் தீர்ந்திருந்தது. இண்டென்ட் எழுதி, ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வேலூர் போனேன். ஸ்டோரில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டர் கையெழுத்து இருக்கு, சீல் இல்லையே" என்றார். சீல் போட்டு நாளைக்குக் கொண்டுவருகிறேன், தண்ணீரை மட்டும் இன்று கொடுங்கள் சார் என்று கேட்டுப் பார்த்தேன். நாளைக்கு அவர் லீவாம். காலி கேனோடு போனவன் காலி கேனோடு திரும்பினேன்.

மறுநாள் சளி கொடுக்க எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஆத்திரமும் அவசரமும் சேர்ந்து மாடித் தொட்டித் தண்ணீரைப் பிடித்து சாயம் கலந்துவிட்டேன். 5 கிராம் பேசிக் ஃபுக்சினை 50 மில்லி ஆல்கஹாலில் கரைத்து, 25 கிராம் ஃபீனால் சேர்த்து, தண்ணீர் விட்டு 500 மில்லியாக்கினேன். ஃபில்டர் பேப்பரிலும் வடித்தேன். புது சாயத்தை ஏற்கெனவே தெரிந்த ஒரு பாசிட்டிவ் ஸ்லைடிலும் ஒரு நெகட்டிவ் ஸ்லைடிலும் போட்டுப் பார்க்காமல் நோயாளியின் ஸ்லைடைத் தொடக்கூடாது. நான் பாசிட்டிவை மட்டும் போட்டேன். கிருமிகள் பளிச்சென்று சிவப்பாக நின்றன. சாயம் பிடிக்கிறது, போதும் என்று நெகட்டிவை விட்டுவிட்டேன். அன்றைய வினை எல்லாம் அந்த ஒரு ஸ்லைடில்தான்.

சளியை ஸ்லைடில் தடவி ஸ்மியர் போட்டது, ஆவி வரும்வரை சூடாக்கியது, ஆசிட்டில் நிறம் நீக்கியது, நீலம் ஊற்றியது எல்லாம் வழக்கம்போல நடந்தன. மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம்தான் ஒரு ஃபீல்டு. முதல் ஸ்லைடில் நூறு ஃபீல்டுக்கு 2 கிருமி. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. மூன்றாவது 5. இப்படியே போய் முடிவில் 2, 5, 3, 8, 4. எட்டுப் பேரில் ஐந்து பேர் ஸ்கேன்டி. நூறு ஃபீல்டில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை இருந்தால் ஸ்கேன்டி, எண்ணையும் எழுத வேண்டும். பத்து ஆகிவிட்டால் 1+. எங்கள் சென்டரில் பத்து ஸ்லைடுக்கு ஒரு பாசிட்டிவ் வந்தாலே பெரிது. அதைவிட உறுத்தியது, ஐந்தில் ஒன்றுகூட 1+ இல்லை, 2+ இல்லை. நிஜமான நோயாளிகளாக இருந்தால் ஒருவருக்காவது கிருமி கூடுதலாக இருந்திருக்க வேண்டாமா?

திரும்ப முதல் ஸ்லைடை வைத்து நிதானமாகப் பார்த்தேன். சளியில் இருக்கும் கிருமி, செல்களோடும் சளி நூலோடும் ஒரே மட்டத்தில் கிடக்கும். செல் தெளிவாகத் தெரியும்போதே அதுவும் தெளிவாகத் தெரியும். இங்கே செல் தெளிந்தால் சிவப்புக் குச்சி மங்குகிறது. ஃபைன் நாபை லேசாகத் திருப்பினால் குச்சி தெளிந்து செல் மங்குகிறது. ஸ்மியருக்கு மேலே மிதக்கிற மாதிரி. ஸ்மியரே இல்லாத கண்ணாடி ஓரத்திலும் ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஆற்காடு பக்கம் வேலை செய்யும் நண்பனுக்குப் போன் போட்டேன். "தொட்டித் தண்ணியா? கொதிக்க வெச்சுக் கலந்திருக்கலாமே" என்றான். உதவாத யோசனை. தொட்டிச் சுவரிலும் ரப்பர் ஹோஸிலும் படிந்து வாழும் சில மைகோபாக்டீரியாக்களுக்கும் காசநோய்க் கிருமியைப் போலவே மெழுகுத் தோல் உண்டு. ஆசிட்டுக்கு அவையும் நிறம் விடாது. செத்தாலும் அந்தத் தோல் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். கொதிக்க வைத்தால் சாகும், சிவப்பாகத் தெரிவது நிற்காது. ஃபீனாலும் அப்படித்தான். ஃபில்டர் பேப்பரின் துளையோ அவற்றுக்கு வாசல் கதவு மாதிரி.

சந்தேகத்தை எப்படி உறுதி செய்வது? டீக்கடையில் ஒரு முட்டை வாங்கினேன். வெள்ளைக்கருவை ஒரு புது ஸ்லைடில் மெல்லத் தடவிக் காயவைத்து, சளியே இல்லாமல் அதே சாயத்தைப் போட்டேன். நீலப் பின்னணியில் நூறு ஃபீல்டில் 4 சிவப்புக் குச்சிகள். கோழிக்கு டி.பி. என்று எழுத முடியாதே!

அடுத்து தண்ணீர். பெட்ரோல் பங்க்கில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கிப் புதிதாகக் கலந்தேன். அதையும் நம்பவில்லை, அதுவும் உப்பை மட்டும் நீக்கிய வெறும் டீமினரலைஸ்டு தண்ணீராக இருக்கலாம். அதனால் மறுபடியும் சோதித்தேன். முட்டை ஸ்லைடு நூறு ஃபீல்டில் பூஜ்யம். நெகட்டிவ் சுத்தம். பாசிட்டிவ் நல்ல சிவப்பு. அப்புறம்தான் மூச்சு வந்தது.

ஒரு நல்ல வேளை, சளிக் கப்புகளை இன்னும் அழிக்கவில்லை. ரிப்போர்ட் முடியும்வரை கப்பைத் தூக்கிப் போடாதீர்கள், அன்று என்னைக் காப்பாற்றியது அதுதான். ஐந்து பேருக்கும் புது ஸ்மியர் போட்டேன். நான்கு பேருக்கு ஒன்றும் இல்லை. 8 வந்தவருக்கு மட்டும் 6 வந்தது. அந்த ஆறும் செல்களின் மட்டத்திலேயே கிடந்தன, இரண்டு ஒன்றோடொன்று சாய்ந்து 'V' போல. எல்லாமே தண்ணீர்க் கிருமி என்று ஐந்தையும் அடித்துவிட்டிருந்தால் அவரைத் தவறவிட்டிருப்பேன். தாலுகா ஆஸ்பத்திரியில் மூலக்கூறு பரிசோதனை மெஷின் இருக்கிறது, ஐந்து பேரின் சளியையும் அங்கே அனுப்பினேன். அவருக்கு மட்டும் பாசிட்டிவ்.

ரிஜிஸ்டரில் பழைய எண்களை ஒயிட்னர் போட்டு மறைக்கவில்லை. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புது ரிசல்ட், தேதி, கையெழுத்து. சூப்பர்வைசருக்கு நானே போன் செய்து சொன்னேன். நெகட்டிவ் கன்ட்ரோலை ஏன் விட்டாய் என்று பத்து நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயம்தான்.

ஒரு இடத்தில் மட்டும் தாமதமாகிவிட்டது. 2 வந்த பீடி சுற்றும் அம்மா அவசரமாகக் கேட்டார் என்று, முதல் ஸ்லைடு பார்த்த கையோடு சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன். ரிசல்ட்டைச் சொல்ல அன்று சாயங்காலமே நானும் நர்சம்மாவும் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் தனியாக ஒரு தட்டும் டம்ளரும் கவிழ்த்து வைத்திருந்தது. பேரக்குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் மட்டும் வெளியே உட்கார்ந்திருந்தார். "இல்லம்மா, சாயத்துல தப்பு, உங்களுக்கு ஒன்னும் தெரியல, இன்னொரு டெஸ்ட்டுக்கும் அனுப்பியிருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "மொதல்லயே பாத்து எழுதக்கூடாதா தம்பி?" என்றார். எதுவும் சொல்லத் தோன்றவில்லை. மெஷின் ரிசல்ட் வந்த அன்று நானே போய்க் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டோரிலிருந்து போன் வந்தது. தண்ணீர் ரெடியாம். சீல் போட்ட இண்டென்ட்டோடு வரச் சொன்னார்கள். காலி கேனையும் மறக்காமல் எடுத்துவர வேண்டுமாம்.